பானகம்: இரண்டு டம்ளரா, இரண்டு உத்தரணியா?

கேள்வி: என் மாமியாருக்கு 64 வயது. 11 வருடமாகச் சர்க்கரை. கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி 7.8. காலையில் மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை போடுகிறார். ராமநவமி அன்று பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. முடிந்ததும் இரண்டு டம்ளர் பானகம். கேட்டால், "வெல்லம்தானே, சர்க்கரையா போட்டிருக்கு? சுக்கு வேற இருக்கு" என்கிறார். வெயிலில் போன உப்புச் சத்தெல்லாம் பானகத்தில் திரும்பக் கிடைத்துவிடும் என்று என் கணவரும் அவர் பக்கம் பேசுகிறார். எவ்வளவு கொடுக்கலாம்? அடியோடு நிறுத்த வேண்டுமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அடியோடு நிறுத்த வேண்டாம். ஆனால் இரண்டு டம்ளர் கூடவே கூடாது. பிரசாதமாக இரண்டு உத்தரணி வாங்கிக்கொள்ளட்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால், தண்ணீர் கலந்து இளக்கிய ஒரு டம்ளர், அதுவும் சாப்பாட்டோடு. இது பானகத்துக்கான பதில். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது பானகம் இல்லை, வெறும் வயிற்றில் போகும் அந்தக் காலை மாத்திரை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் டம்ளருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நான் உணவியல் ஆலோசகர் என்றாலும் என் வீட்டுப் பானகம் பல வருடம் கண் அளவுதான். ஒரு வருடம் எடைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு என் கை தானாக எடுத்துப் போட்ட வெல்லம் 200 கிராம். பெரும்பாலான வீடுகளில் இதை ஒட்டித்தான் இருக்கும். 100 கிராம் வெல்லத்தில் சுமார் 85 கிராம் சர்க்கரைதான். ஆக, 200 கிராமில் 170 கிராம். கரைந்த பிறகு பானகத்தின் அளவு ஒரு லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். அப்படியென்றால் 100 மி.லி. பானகத்தில் 15 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை. கடையில் விற்கும் கோலா வகைக் குளிர்பானத்தில் 100 மி.லி.க்குப் பத்தரை கிராம்தான். பேரப்பிள்ளைகள் கோலா குடித்தால் திட்டும் பாட்டிகள் எல்லாரும் இந்தக் கணக்கைக் கேட்டால் என்னைத்தான் திட்டுவார்கள்.

உங்கள் மாமியார் குடிப்பது 200 மி.லி. டம்ளர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு டம்ளரில் 60 கிராம் சர்க்கரை. டீஸ்பூன் கணக்கில் 12. நாக்குக்கு இது தெரியாமல் போவதற்கும் காரணம் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தின் புளிப்பும் சுக்கின் காரமும் தித்திப்பை அமுக்கிவிடும். பானையில் ஊற்றிக் குளிர்ந்துவிட்டால் இன்னும் தெரியாது. அதே அளவு வெல்லத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, புளிப்பும் காரமும் இல்லாமல் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், திகட்டும்.

"வெல்லம்தானே" என்பதற்கு வருகிறேன். வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சர்க்கரையும் அதே சுக்ரோஸ்தான். சிறுகுடலுக்குப் போனதும் இரண்டும் ஒரே மாதிரி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகின்றன. அந்த இடத்தில் நிறம், மணம், விலை எதற்கும் மதிப்பில்லை. வெல்லத்தில் இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு என்பது உண்மை. ஆனால் அவை சர்க்கரை ஏறும் வேகத்தைத் தடுப்பதில்லை. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு என்று மாற்றிப் பார்ப்பதிலும் இந்த விஷயத்தில் பெரிய ஆதாயம் இல்லை.

அறுபது கிராம் என்றால் என்ன என்பதற்கு ஒரு ஒப்பீடு. ரத்தச் சர்க்கரை 100 என்று வரும் ஒருவரின் உடம்பில், மொத்த ரத்தத்திலும் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன். இரண்டு டம்ளர் பானகத்தில் பாதி குளுக்கோஸாக உடைகிறது, அதாவது 30 கிராம். நார்ச்சத்தோ கொழுப்போ புரதமோ கூட இல்லாத வெறும் திரவம், பல மணி நேரம் காலியாகக் கிடந்த வயிற்றில் விழுந்தால் அங்கே தங்காமல் விறுவிறு என்று குடலுக்கு இறங்கும். இன்சுலின் சரியாகச் சுரக்கிற உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். 11 வருடச் சர்க்கரைக்காரரின் உடம்பால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

சுக்கு இதைச் சரிக்கட்டுமா? இஞ்சிக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு பார்த்த ஆய்வுகள் உண்டு. அவற்றில் தினமும் 2, 3 கிராம் வரை பொடியை வாரக்கணக்கில் கொடுத்தார்கள். நம் பானகத்தில் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சுக்குப் பொடி போட்டால் ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகைகூட வராது. மணத்துக்கும் வயிற்றுக்கு இதமாக இருப்பதற்கும் போடுகிறோம், போடுங்கள். பக்கத்தில் இருக்கும் 30 கிராம் சர்க்கரைக்கு அது பதில் சொல்லாது.

உங்கள் கணவர் சொல்லும் உப்புச் சத்துக் கணக்கு கொஞ்சம் சுவாரசியமானது. அவர் சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை. வெல்லத்தில் பொட்டாசியம் ஓரளவு இருக்கிறது. எலுமிச்சையிலும் கொஞ்சம். சிலர் சிட்டிகை உப்பும் போடுவார்கள். ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், அதாவது சாப்பாட்டு உப்பு. பானகத்தில் குறைவாக இருப்பதும் அதுதான். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, அதோடு பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். அங்கே சர்க்கரை சேர்ப்பது தெம்புக்காக அல்ல. குடல் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழையும் ஒரு வழி இருக்கிறது. அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதற்கு வேண்டிய அளவு குளுக்கோஸ் அவ்வளவுதான்.

பானகத்தில் லிட்டருக்கு 150 கிராமுக்கு மேல் சர்க்கரை, உப்போ ஒரு சிட்டிகை. பத்து மடங்குக்கு மேல் சர்க்கரை, உப்பு சொற்பம். இவ்வளவு கெட்டியான இனிப்பு நீர் குடலுக்குப் போனால், உறிஞ்சப்படுவதற்கு முன்னால் உடம்பிலிருந்தே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னொரு இடியும் உண்டு. ரத்தச் சர்க்கரை 180 வாக்கில் தாண்டும்போது சிறுநீரகம் மிச்சத்தைச் சிறுநீரில் தள்ள ஆரம்பிக்கும், கூடவே தண்ணீரும் உப்பும் போகும். தாகத்துக்குக் குடித்த பானகமே மூன்று மணி நேரத்தில் நாலு தடவை பாத்ரூமுக்கு அனுப்பி, மறுபடி நா வறளவைக்கும். "பானகம் குடிச்சும் தாகம் அடங்கலையே" என்று இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொள்பவர்கள் இந்தச் சுழலில்தான் சிக்குகிறார்கள்.

இதற்கு மாற்று உங்கள் வீட்டுப் பூஜையிலேயே இருக்கிறது. ராமநவமிக்குப் பானகத்தோடு நீர்மோரும் வைப்பீர்கள் அல்லவா? ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்ட 200 மி.லி. நீர்மோரில் சர்க்கரைச் சத்து 2 கிராம் அளவில்தான் இருக்கும். உப்பும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. உங்கள் கணவர் தேடும் பொருள் பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் உப்பைப் பாதியாக்குங்கள்.

இப்போது மாத்திரை. பல வீடுகளில் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

முந்தின இரவு 8 மணிக்குச் சாப்பிட்டவர், ராமர் பிறந்த நண்பகல் வேளையில் பூஜை முடிந்து வாயில் ஏதாவது போடும்போது 16 மணி நேரம் ஆகியிருக்கும். காலை 7 மணிக்கு வழக்கம்போல மாத்திரை போட்டிருந்தால், அதிலிருக்கும் கிளிமிபிரைடு, சாப்பாடு வருகிறதோ இல்லையோ, கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். 10, 11 மணிக்குச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. கை நடுங்குவது, குப்பென்று வியர்ப்பது, படபடப்பு, எரிச்சலாகப் பேசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது, இவையெல்லாம் அடையாளங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அடுப்படியில் நிற்கிறவருக்கு வியர்ப்பது இயல்பு என்று விட்டுவிடுவோம். அதுதான் ஆபத்து. பிறகு பானகம் குடித்ததும் "அப்பாடா, உயிர் வந்தது" என்பார். அந்த நிம்மதியில் பாதி, தாழ்ந்திருந்த சர்க்கரை ஏறியதால் வந்தது. வருடா வருடம் இப்படி நடந்தால், பானகம் அவருக்கு மருந்து மாதிரி தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, தாழ்ந்தால் பானகமே கொடுத்து ஏற்றலாமே என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்கு அது பொருந்தும். 100 மி.லி. பானகத்தில் இருக்கும் 15 கிராம் சர்க்கரை, தாழ்சர்க்கரைக்கு நாங்கள் சொல்லும் அதே அளவுதான். ஆனால் உங்கள் மாமியார் மாத்திரையில் வோக்லிபோஸ் இருக்கிறது. அதன் வேலையே சுக்ரோஸையும் மாவுச்சத்தையும் குடலில் உடைக்கும் நொதிகளை மந்தமாக்குவது. அதன் வேகம் தணியாத நேரத்தில் வெல்லம், சர்க்கரை, மிட்டாய் எது கொடுத்தாலும் உடைந்து ரத்தத்துக்குப் போகத் தாமதமாகும். உடைக்கத் தேவையில்லாத குளுக்கோஸ்தான் நேராக வேலை செய்யும். அதனால் மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். மூன்று டீஸ்பூன் தலைதட்டி எடுத்தால் சுமார் 15 கிராம். அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. விழுங்க முடியாத அளவுக்குத் தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ராமநவமிக்கு ஒரு வாரம் முன்னாலேயே அவர் பார்க்கும் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வாருங்கள்: "அன்றைக்கு மதியம்தான் முதல் சாப்பாடு. காலை மாத்திரையை எப்போது, எவ்வளவு போட வேண்டும்?" விரத நாளில் மாத்திரையைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தள்ளுவதோ, அளவைக் குறைப்பதோ மருத்துவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். அதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. தண்ணீர் குடிக்கும் விஷயத்தையும் மருத்துவரையே சொல்லவையுங்கள். மருமகள் சொன்னால் விரதபங்கம், டாக்டர் சொன்னால் வைத்தியம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை மாத்திரை, டாபாகிளிஃப்ளோசின் போன்றது, சாப்பிடும் வாசகர்கள் யாராவது இதைப் படித்தால், தண்ணீர் இல்லாத விரதம் உங்களுக்கு இன்னும் ஆகாதது. அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அன்றைய நாளை எப்படி நடத்தலாம் என்று உங்கள் வீட்டுக்கே வைத்துச் சொல்கிறேன். காலை 7 மணிக்கு ஒரு தடவை, 10 மணிக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே வந்தால் விரதம் அந்த நிமிடமே முடிந்தது. நைவேத்தியப் பானகத்தில் கை வைக்க வேண்டாம், ஸ்வாமிக்கு எப்போதும்போல வெல்லம் போட்டே கரையுங்கள். பூஜை முடிந்ததும் உத்தரணியில் இரண்டு முறை கொடுங்கள். உத்தரணிக்கு 5 மி.லி. என்று வைத்தாலும் இரண்டும் சேர்ந்து ஒன்றரை கிராம் சர்க்கரைதான். பிறகு வடைப்பருப்பு ஒரு கிண்ணம். ஊறின பாசிப்பருப்பும் வெள்ளரிக்காயும் தேங்காயும் முதலில் வயிற்றுக்குப் போனால் பின்னால் வரும் சாதமும் இனிப்பும் மெதுவாக ஏறும். பானகத்தை முதலில் குடித்துவிட்டு வடைப்பருப்பைக் கொறிக்கிற வழக்கத்தை அவருக்கு மட்டும் தலைகீழாக்கினால் போதும்.

அதோடு திருப்தி வரவில்லை என்றால் சாப்பாட்டின் நடுவில் இளக்கின பானகம். கரைத்து வைத்த பானகத்தில் 50 மி.லி. எடுத்து, 150 மி.லி. பானைத் தண்ணீர், அரை மூடி எலுமிச்சை, இன்னும் கொஞ்சம் சுக்கு, ஏலக்காய், சிட்டிகை உப்பு. டம்ளர் நிறைய இருக்கும், சர்க்கரை 8 கிராமுக்குள். சுக்கும் ஏலமும் தூக்கலாக இருந்தால் பானகம் குடித்த நினைவு வந்துவிடும், நான் என் அப்பாவுக்கு இப்படித்தான் கொடுத்தேன். முதல் வருடம், "வெல்லம் தீர்ந்துபோச்சா?" என்றார். மறு வருடம் கேட்கவில்லை. அதற்கு ஈடாகச் சாதத்தில் ஒரு கரண்டி குறையுங்கள், பாயசத்தை விட்டுவிடுங்கள். செயற்கை இனிப்பு போட்ட பானகமும் செய்யலாம். எனக்கு அது பிடிப்பதில்லை, உங்களுக்குப் பிடித்தால் தவறில்லை.

சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். அப்போது ஒரு எச்சரிக்கை. என்னிடம் வரும் ஒரு அம்மா ஒரு வருடம் ராமநவமி மதியம் போன் செய்து, "மீட்டர் 412 காட்டுது" என்று பதறினார். வெல்லம் கரைத்துப் பானகம் விளம்பிய கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டுக் குத்தியிருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தச் சொன்னேன். 168. விரல் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் வெல்லம் ஒரு சொட்டு ரத்தத்தோடு கலந்தால் மீட்டருக்கு அதுவும் சர்க்கரைதான். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதைவிட சோப்பும் தண்ணீருமே இதற்கு நம்பகம்.

கழுவிய கையிலும் 300க்கு மேல் வந்து, வாந்தியோ மயக்கமான தூக்கமோ சேர்ந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், இதயக் கோளாறால் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்களும் பானகமோ நீர்மோரோ எவ்வளவு என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யட்டும். அவர்களுக்குப் பொட்டாசியமும் உப்பும் தனிக் கணக்கு.

வீட்டில் எல்லாம் சரியாக நடத்திவிட்டு மாலையில் கோயிலுக்குப் போனால் பந்தலில் வேறு ஆட்சி. "இன்னொரு டம்ளர் வாங்கிக்கோங்க பாட்டி" என்று ஊற்றுகிற இளைஞர்களிடம் சர்க்கரைக் கணக்குப் பேச முடியாது, பிரசாதத்தை மறுக்கவும் மனசு வராது. வீட்டிலிருந்தே ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அதில் பானகத்தை வாங்கட்டும், டம்ளரில் நீர்மோரை வாங்கட்டும்.